வெயிலில் ஓடும் வைப்பர், பகலில் எரியும் விளக்கு: எங்கே பார்ப்பது?

"அண்ணே, மழையே இல்ல. வைப்பர் அது பாட்டுக்கு ஓடுது. நிறுத்துனா நிக்குது, ஆட்டோல போட்டா மறுபடியும் ஆரம்பிச்சிடுது."

சுங்கை சிப்புட்டில் காருக்கு வயரிங் வேலை செய்பவனிடம் ஐப்பசி மாதத்தில் வருகிற புகார் இது. இதற்கு நேர் எதிரான புகாரும் வரும்: கொட்டுகிற மழையில் வைப்பர் தூங்குகிறது. இரண்டுக்கும் பலர் உடனே, மழையைப் பார்த்து வைப்பரைத் தானாக ஓட்டும் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் சென்சார் நல்லபடியாகத்தான் இருக்கும். கெட்டுப்போவது அதற்கு முன்னால் இருக்கும் கண்ணாடியும், இரண்டுக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் ஜெல்லும்தான்.

அது மழையை எப்படிப் பார்க்கிறது?

ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து தண்ணீர் வழியாக டம்ளரின் பக்கச் சுவரைச் சாய்வாகப் பாருங்கள். சுவர் வெள்ளி பூசியது போல் பளபளக்கும். வெளியே பிடித்திருக்கும் உங்கள் விரல் சரியாகத் தெரியாது. இப்போது விரலை நனைத்து அதே இடத்தில் அழுத்துங்கள். விரல் மட்டுமல்ல, ரேகையும் தெரியும்.

காரில் நடப்பதும் இதுதான். பின்னால் வருவதைப் பார்க்கும் உள்கண்ணாடியின் அடியில், முன்கண்ணாடியோடு ஒட்டி ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதிலுள்ள சிறு விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சுமார் 45 டிகிரி சாய்வில் கண்ணாடிக்குள் அனுப்புகின்றன. கண்ணாடிக்கு வெளியே காற்று மட்டும் இருந்தால், 41 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் ஒளி வெளியே போகாது. முழுவதும் உள்ளே திரும்பி, பெட்டியிலுள்ள ஒளி வாங்கியில் விழுந்துவிடும். அங்கே ஒரு துளி தண்ணீர் உட்கார்ந்தால் அந்த எல்லை ஏறத்தாழ 61 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. 45 டிகிரியில் வரும் ஒளி துளி வழியாக வெளியே ஓடிவிடும். திரும்பி வரும் ஒளி குறைகிறது. குறைந்த அளவையும் குறையும் வேகத்தையும் வைத்து, ஒரு தடவை துடைப்பதா, விடாமல் துடைப்பதா என்று பெட்டி முடிவு செய்கிறது. துடைத்தபின் ஒளி பழைய அளவுக்குத் திரும்பினால் கண்ணாடி காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் மனதில் இருந்தால் போதும். ஒன்று, சென்சார் பார்ப்பது சில சதுர சென்டிமீட்டர் இடத்தை மட்டும். கண்ணாடியின் மற்ற இடமெல்லாம் வெள்ளமாக ஓடினாலும் அதற்குத் தெரியாது. இரண்டு, அதற்குத் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியாது. கண்ணாடியோடு ஒட்டி நிற்கும் எதையும் அது தண்ணீர் என்றே நினைக்கும்.

(மழையைக் கேமராவால் பார்க்கும் கார்களும் வந்துவிட்டன. அவற்றில் இந்த ஜெல் கிடையாது. கேமரா பார்க்கும் கண்ணாடிப் பகுதி சுத்தமாக இருக்கிறதா என்பது மட்டும்தான் பார்க்க வேண்டியது.)

அறிகுறி: மழை இல்லை, வைப்பர் ஓடுகிறது

போன வருடம் ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் ஓர் ஆசிரியை காரைக் கொண்டுவந்தார். தோட்டத்துப் பள்ளிக்குக் காலை ஆறரைக்குக் கிளம்புவாராம். மழை இருக்காது, வெறும் பனிதான். வைப்பர் ஐந்தாறு தடவை ஓடும், நிற்கும், கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஓடும். வைப்பர் தண்டிலுள்ள வளையத்தைக் குறைந்த அளவுக்குத் திருப்பியும் நிற்கவில்லை.

காரின் முன்னால் போய் நின்றதுமே பாதி புரிந்துவிட்டது. உள்கண்ணாடிக்கு நேர் எதிரே, முன்கண்ணாடியின் வெளிப்பக்கம், சந்தனப் பொட்டு வைத்த தடம். நடுவில் லேசான குங்குமச் சிவப்பு. பூசாரி காருக்கு நெற்றி எங்கே என்று பார்த்துச் சரியாக அங்கேதான் வைப்பார். சென்சாரும் சரியாக அங்கேதான் இருக்கிறது. மறுநாள் மழையில் வைப்பர் அந்தப் பொட்டைத் தேய்த்து, விசிறி போல் பரப்பி வைத்திருந்தது.

காய்ந்த சந்தனம் ஒரே இடத்தில் அசையாமல் இருந்திருந்தால் சென்சார் அதைச் சகித்துக்கொண்டிருக்கும். ஒளி கொஞ்சம் குறைவாக வருவதையே வழக்கமான அளவாக எடுத்துக்கொள்ளும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கோடு பரவிய தடத்தில் காலைப் பனி திட்டுத்திட்டாகப் படிகிறது. வைப்பர் ஓடும்போது பனி போகிறது; பிசுக்கு இடம் மாறுகிறது. ஒளி ஏறி இறங்குகிறது. ஏறி இறங்கினால் மழை என்பதுதான் சென்சாருக்குத் தெரிந்த ஒரே பாஷை.

சரி, செய்தது இதுதான். முதலில் சாவியை அணைத்தேன். இதை மறக்கவே கூடாது. ஆட்டோவில் இருக்கும்போது அந்த இடத்தை ஈரத்துணியால் தொட்டால் வைப்பர் விரலின்மேல் வந்து அடிக்கும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து முன்கண்ணாடி முழுவதும் கழுவினேன். சோப்பு காய்வதற்குள் நல்ல தண்ணீர். காய்ந்தபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் தோய்த்து, சென்சார் இருக்கும் இடத்தை மட்டும் வெளிப்பக்கம் இரண்டு தடவை துடைத்தேன். துணியில் மஞ்சள் வந்தது. அதோடு கொஞ்சம் கறுப்பும் வந்தது. அவர் போகிற வழியில் செம்பனை ஆலை இருக்கிறது. பழ நாரையும் கொட்டை ஓட்டையும் எரிக்கிற கொதிகலன் புகையில் வரும் கரி, வழியோரக் கார்களின் கண்ணாடியில் மெல்லப் படியும். கையால் தடவினால் பிசுபிசுக்கும்.

வைப்பர் ரப்பரையும் அதே ஆல்கஹால் துணியால் இழுத்துத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுவிய கண்ணாடியில் அதுவே திரும்பப் பூசிவிடும்.

அப்புறம் சோதனை. சாவியைப் போட்டு, ஆட்டோவில் வைத்து, வளையத்தை நடுவில் நிறுத்தி, சலவைக்கடையில் வைத்திருக்கும் தெளிப்பான் போன்ற ஒன்றால் சென்சாருக்கு நேரே மூன்று முறை தெளித்தேன். வைப்பர் உடனே ஓடியது. ஒரு தடவை துடைத்தது, நின்றது. நல்லது. ஆனால் அரை நிமிடத்தில் தண்ணீர் தெளிக்காமலே இன்னொரு தடவை ஓடியது.

இந்த இடத்தில்தான் பலர் கையை விரித்துவிட்டுச் சென்சாரை மாற்றுவார்கள். நான் அடுத்த துடைப்பு முடிந்ததும் கண்ணாடியைப் பக்கவாட்டிலிருந்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தேன். ஓட்டுநர் பக்க வைப்பர் ஒரு மெல்லிய ஈரக்கோட்டை விட்டுச் சென்றிருந்தது. கோடு சரியாகச் சென்சார் இருக்கும் இடத்தின் மேல் வளைந்து போனது. ரப்பரின் நுனியில் நகத்தால் தடவினால் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. வைப்பர் துடைக்கிறது, தானே ஒரு கோடு தண்ணீரை விடுகிறது, சென்சார் அதை மழை என்று பார்க்கிறது, வைப்பர் மறுபடி துடைக்கிறது. தன் வாலைத் தானே துரத்தும் நாய் மாதிரி.

இரண்டு வைப்பர் ரப்பரையும் மாற்றினேன். அதே தெளிப்பான், அதே மூன்று தெளிப்பு: ஒரு துடைப்பு, பிறகு அமைதி. சென்சார் பழையதுதான்.

இதே அறிகுறிக்கு இன்னும் ஒரு காரணம் உண்டு: செம்பனைக் குலை லாரியிலிருந்து தெறிக்கும் கல்லால் சென்சாருக்கு நேரே விழும் சிறு வெடிப்பு. வெடிப்புக்குள் ஈரம் ஏறி இறங்கும்போது வைப்பர் ஓடும். இதற்குத் துடைப்பது உதவாது. அந்த இடத்தில் பிசின் நிரப்பினாலும் ஒளிப் பாதை பழையபடி ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது. பெரும்பாலும் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டியிருக்கும். மாற்றினால் அடுத்த அறிகுறியையும் படித்துவிடுங்கள்.

அறிகுறி: மழை பெய்கிறது, வைப்பர் ஓடவில்லை அல்லது தாமதமாக ஓடுகிறது

முதல் கேள்வி: அண்மையில் முன்கண்ணாடி மாற்றினீர்களா, அல்லது புதிதாகக் கறுப்புத் தாள் ஒட்டினீர்களா?

எனக்கே நடந்தது. ஈப்போவிலிருந்து வரும்போது முன்னால் போன லாரியிலிருந்து வந்த கல்லில் கண்ணாடி போனது. ஒரு கண்ணாடிக் கடையில் மாற்றினார்கள். மூன்றாம் நாள் மழையில் ஆட்டோ வேலை செய்யவில்லை. கண்ணாடி பால் போல ஆனபின்தான் ஒரு துடைப்பு துடைத்தது. காரை விட்டு இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு வெளியிலிருந்து சென்சார் ஜன்னலைப் பார்த்தேன். கறுப்பாக, ஒரே சீராகத் தெரிய வேண்டிய இடத்தில் பச்சைப்பயறு அளவில் மூன்று வெள்ளித் திட்டுகள். டம்ளரில் பார்த்த அதே வெள்ளி. அங்கே காற்று இருக்கிறது.

சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவே தெளிவான சிலிக்கான் ஜெல் ஒன்று இருக்கும். காற்றுக்கே இடமில்லாமல் ஒளியைக் கண்ணாடிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. காற்றுக் குமிழ் இருந்தால் ஒளி கண்ணாடியின் வெளிப்பக்கம் வரை போகாமல் பாதி வழியிலேயே திரும்பிவிடும். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஒளி ஒரே அளவில் வருவதால், பெட்டி மழையைக் காணாது. கடையில் பழைய ஜெல்லையே திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். தூசி ஒட்டிய பழைய ஜெல் மறுபடி சரியாகப் பிடிப்பது அரிது.

இதைச் சரிசெய்வது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். உள்கண்ணாடி அடியிலுள்ள மூடியைக் கழற்றுங்கள். இரண்டு கிளிப்பை வெளியே தள்ளினால் பெட்டி கையோடு வரும். மின்னிணைப்பையும் கழற்றிவிடுங்கள். பழைய ஜெல்லை நகத்தால் உருட்டி எடுத்துவிட்டு, கண்ணாடியின் உள்பக்கத்தையும் சென்சாரின் முகத்தையும் ஆல்கஹாலால் துடைத்து முழுவதும் காயவிடுங்கள். உங்கள் கார் மாடலுக்கென்று விற்கும் புதிய ஜெல்லின் ஒரு பக்கத் தாளை உரித்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெல்ல உருட்டியபடி சென்சார்மேல் படியவிடுங்கள். ஜெல்லை விரலால் தொடக்கூடாது. ரேகை விழுந்தால் அதுவும் குமிழ் போலத்தான். மறுபக்கத் தாளை உரித்து, பெட்டியை நேராகக் கண்ணாடியில் அமர்த்தி, கிளிப்பைப் பூட்டுங்கள். வெளியே போய்ப் பாருங்கள். வெள்ளித் திட்டு இல்லாவிட்டால் முடிந்தது. ஊசிமுனை அளவு குமிழ் ஓரிரண்டு இருந்தால் ஒரு நாள் வெயிலில் நிறுத்திப் பாருங்கள். சூட்டில் ஜெல் இளகிப் பரவினால் சில நேரம் போய்விடும். பயறு அளவு குமிழ் போகாது. புதிய ஜெல்லோடு மறுபடி முதலிலிருந்து.

எல்லாக் கார்களிலும் இந்த ஒட்டும் ஜெல் இல்லை. சிலவற்றில் சென்சார் முகத்திலேயே ரப்பர் போன்ற சிலிக்கான் பதிந்திருக்கும். அதைப் பிய்க்கக்கூடாது, சுத்தம் செய்து அழுத்தினால் போதும். பிய்ப்பதற்கு முன் எது என்று பார்த்துவிடுங்கள்.

கறுப்புத் தாள் கதை வேறு. வெப்பத்தைத் தடுக்கும் தாள் அகச்சிவப்பையும் தடுக்கும், அதற்காகத்தானே ஒட்டுகிறோம். சென்சாரைக் கழற்றி, தாளை முழுவதும் ஒட்டி, அதன்மேல் சென்சாரைத் திரும்ப மாட்டினால் வைப்பர் குருடாகிவிடும். சென்சார் அளவுக்குத் தாளை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடியும் மாற்றவில்லை, தாளும் ஒட்டவில்லை என்றால், நீர் ஒட்டாத பூச்சு ஏதாவது தடவினீர்களா என்று யோசியுங்கள். துளி உருண்டையாகி ஓடிவிடும்போது கண்ணாடியோடு ஒட்டும் பரப்பு குறைகிறது. அதனால் சென்சார் உண்மையான மழையைவிடக் குறைவாகக் கணக்குப் போடும். இது பழுதல்ல. வளையத்தை ஒன்றிரண்டு படி ஏற்றினால் சரியாகும்.

வளையம்: எதைத் திருப்புகிறோம்?

வைப்பர் தண்டிலுள்ள வளையம் வேகத்தைத் திருப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆட்டோவில் அது வேகம் இல்லை. எத்தனை ஒளி குறைந்தால் துடைக்க வேண்டும் என்ற எல்லை. மெல்லிய கோட்டுப் பக்கம் போனால் நிறையத் தண்ணீர் சேர்ந்தபின் துடைக்கும். தடித்த கோடு அல்லது பெரிய துளிப் பக்கம் போனால் தூறலுக்கே துடைக்கும். பல கார்களில் ஒரு படி ஏற்றியதும் வைப்பர் ஒரு தடவை ஓடும். அது சென்சார் பார்த்த மழை அல்ல, "கேட்டுவிட்டேன்" என்று சொல்வது.

சில கார்களில் மெனுவில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தால், அதே நிலை வெறும் இடைவெளி விட்ட துடைப்பாகிவிடும். வளையம் இடைவெளியை மட்டும் மாற்றும். மழை கூடினாலும் குறைந்தாலும் ஒரே தாளத்தில் ஓடுகிறதா? அப்படியென்றால் முதலில் மெனுவைப் பாருங்கள். சில ஐரோப்பியக் கார்களில் சாவியை அணைத்துப் போட்டபின் தண்டை ஒருமுறை நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் மறுபடி ஆட்டோவில் வைத்தால்தான் விழிக்கும்.

நான் வைப்பது நடுவில். நம் ஊர் மாலை மழை தூறலில் தொடங்கி ஐந்து நிமிடத்தில் வாளியில் ஊற்றுகிற மாதிரி ஆகிவிடும். வேகம் தானே ஏறும். காலையில் பனியில் சும்மா ஓடினால் ஒரு படி இறக்குவேன். கண்ணாடியைக் கழுவாமல் வளையத்தை மட்டும் இறக்கிக்கொண்டே போவது தப்பு. பிசுக்கைச் சமாளிக்க இறக்கிய வளையம், மாலை மழையில் உங்களைக் குருடாக்கும்.

காரைக் கழுவக் கொடுக்கும்போது ஆட்டோவை நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி: பகலிலேயே முன்விளக்கு எரிகிறது

விளக்கின் சென்சார் இரண்டு இடத்தில் இருக்கலாம். மழைச் சென்சார் பெட்டிக்குள்ளேயே சேர்ந்திருக்கும். அல்லது டேஷ்போர்டின் மேல், கண்ணாடி ஓரமாக ஒரு சிறு கறுப்புக் குமிழாக இருக்கும். குமிழாக இருந்தால் முதலில் அதன்மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளையார், டிஷ்யூ பெட்டி, டேஷ்போர்டு விரிப்பு. பிள்ளையாரை இரண்டு அங்குலம் நகர்த்தியதில் சரியான காரை நானே பார்த்திருக்கிறேன்.

கண்ணாடியின் மேல்பகுதியில் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்து, சென்சார் அதற்குப் பின்னால் இருந்தால், அதன் உலகத்தில் எப்போதும் சாயங்காலம். மலேசிய விதிப்படி முன்கண்ணாடி வழியாக 70 விழுக்காடு ஒளி உள்ளே வர வேண்டும். அந்த அளவுக்கு ஒட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது.

இது எதுவும் இல்லாமல், செம்பனைத் தோட்டச் சாலையில் மட்டும் விளக்கு எரிந்தால், அது சரியாகத்தான் வேலை செய்கிறது. இரண்டு பக்கமும் மட்டைகள் கூடிய இடத்தில் உள்ளே ஒளி அவ்வளவு குறைவு. வெளியே வந்தபின்னும் கொஞ்ச நேரம் எரியும், அதுவும் பழுதல்ல. ஐ.நா.வின் விதி எண் 48 சொல்வது: வெளிச்சம் 1000 லக்ஸுக்குக் கீழே போனால் 2 வினாடிக்குள் எரிய வேண்டும், 7000 லக்ஸுக்கு மேலே வந்தால் 5 வினாடி முதல் 300 வினாடிக்குள் அணைய வேண்டும். ஏற்றுவது உடனே, அணைப்பது நிதானமாக. நிழல் விழுந்து விழுந்து போகும் சாலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கோலக்கங்சாரிலிருந்து ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் மெனோரா சுரங்கப்பாதையில் இதைப் பார்க்கலாம். நுழைந்ததும் எரியும், வெளியே வந்து கொஞ்ச தூரம் போனபின் அணையும்.

வெட்டவெளியில், நடுப்பகலில், எந்த மறைவும் இல்லாமல் விடாமல் எரிந்தால், ஒரு டார்ச்சைச் சென்சாருக்கு நேரே வைத்துப் பாருங்கள். அப்போதும் சில நிமிடத்தில் அணையாவிட்டால் சென்சாரோ வயரோ போயிருக்கும். சென்சார் செத்தால் விளக்கை எரியவிடுவது என்பது பல கார்களில் உள்ள பாதுகாப்பு. இதற்கு ஸ்கேன் கருவி வேண்டும்.

தாமதமாக எரிகிறது, சீக்கிரம் எரிகிறது என்பது மட்டும் குறையென்றால் மெனுவில் மாற்றலாம். சில ஹோண்டா கார்களில் `Auto Light Sensitivity` என்று இருக்கும்; `Min` முதல் `Max` வரை ஐந்து படி. `Max` பக்கம் போனால் சீக்கிரமே எரியும். மெனுவில் இல்லாத கார்களில் ஸ்கேன் கருவியால் மட்டுமே மாற்ற முடியும். அதற்காக யாரும் சென்சாரைக் கழற்ற வேண்டியதில்லை.

அறிகுறி: மூடுபனியில் விளக்கு எரியவில்லை

இது பழுதே அல்ல, ஆனால் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. காலை ஏழரை மணிப் பனியும் புகைமூட்டமும் வெள்ளையாக, வெளிச்சமாக இருக்கும். சென்சார் பார்ப்பது வெளிச்சத்தை. எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதை அல்ல. அதற்கு அது பட்டப்பகல். முன்னால் பகல் விளக்கு எரிவதால் ஓட்டுபவர் எல்லாம் எரிகிறது என்று நினைத்துக்கொள்வார். பல கார்களில் பகல் விளக்கோடு பின்விளக்கு எரியாது. பின்னால் வரும் லாரிக்கு உங்கள் கார் அந்த வெள்ளைக்குள் கரைந்துவிடும்.

மழையில் சில கார்கள் வைப்பர் தொடர்ந்து கொஞ்ச நேரம் ஓடியதும் விளக்கையும் போடும். அது வைப்பரைப் பார்த்துச் செய்வது. பனிக்கு வைப்பர் ஓடாது, எனவே விளக்கும் வராது. உங்கள் காரில் எது என்று தெரிந்துகொள்ள, பட்டப்பகலில் விளக்கை ஆட்டோவில் வைத்துவிட்டு, வைப்பரைத் தண்டைத் திருப்பி நீங்களே சில நிமிடம் ஓட்டிப் பாருங்கள்; ஒருவரை வெளியே பின்னால் நிறுத்தி, பின்விளக்கு எரிகிறதா என்று சொல்லச் சொல்லுங்கள். கண்ணாடி காய்ந்திருந்தால் ரப்பர் போய்விடும், தண்ணீர் தெளித்துக்கொண்டே ஓட்டுங்கள். எரியவில்லை என்று அவர் சொன்னால், பனியிலும் மழையிலும் விளக்குத் தண்டை நீங்களே ஒரு படி திருப்ப வேண்டியதுதான்.